91 நாள் தப்பியது, 49 நாள் சிக்கியது: ஒரு பின்னணிச் சரிபார்ப்புக் கோப்பின் ஆய்வு

வேலைக்கான ஆஃபர் கைக்கு வந்த பிறகு பின்னணிச் சரிபார்ப்பில் அதை இழப்பவர்கள் எல்லோரும் போலிச் சான்றிதழ் கொடுத்தவர்கள் அல்ல. உண்மையாகவே படித்து, உண்மையாகவே வேலை பார்த்தவர்களும் ஓரிரு மாதத் தேதி வேறுபாட்டால் வெளியே நிற்கிறார்கள். ஆனால் அதைவிடப் பெரிய வேறுபாடு உள்ள இன்னொருவரின் கோப்பு சிக்கலின்றி முடிந்துவிடுகிறது. வேறுபாடு எத்தனை நாள் என்பதை மட்டும் பார்த்தால் இது புரியாது. அது எந்த இடத்தில் விழுகிறது, கேட்டபோது விண்ணப்பதாரர் என்ன பதில் சொன்னார் என்பவற்றையும் பார்க்க வேண்டும்.

கீழே வரும் கோப்பு ஒரு தனிநபருடையது அல்ல. இத்தகைய சரிபார்ப்புகளில் திரும்பத் திரும்ப வரும் நிலைமைகளை ஒரே விண்ணப்பதாரருக்கு ஏற்றி அமைத்த மாதிரி. சிறியதும் பெரியதுமாக நான்கு வேறுபாடுகள் இதில் உள்ளன. மூன்று தீர்ந்தன, ஒன்று தீரவில்லை.

விண்ணப்பதாரர் எழுதியது

தரவுப் பகுப்பாய்வாளர் பணி. எட்டரை ஆண்டு அனுபவம். மூன்று சுற்று நேர்காணல் முடிந்து, 2025 பிப்ரவரியில் ஆஃபர் வருகிறது. அந்தக் கடிதத்தின் நடுவில் ஒரு வரி: பின்னணிச் சரிபார்ப்பு திருப்திகரமாக முடிந்தால் மட்டுமே இந்த நியமனம் செல்லும். விண்ணப்பதாரர் அந்த வரியைச் சம்பிரதாயமாக எடுத்துக்கொண்டு, மறுநாளே தற்போதைய வேலையில் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிடுகிறார்.

அவருடைய ரெஸ்யூமேயில் புள்ளியியல் இளங்கலைப் பட்டம், 2016 என்று இருந்தது. முதல் நிறுவனத்தில் ஜூலை 2016 முதல் மே 2019 வரை, இரண்டாம் நிறுவனத்தில் ஜூன் 2019 முதல் மார்ச் 2023 வரை, மூன்றாம் நிறுவனத்தில் ஏப்ரல் 2023 முதல் இன்றுவரை. ஒரு மாத இடைவெளிகூட இல்லாத வரிசை. தற்போதைய ஆண்டுச் சம்பளத்தை, நாணயத்தை விட்டுவிட்டு, 100 அலகு என்று வைத்துக்கொள்வோம். புதிய நிறுவனம் அதன் மேல் 20 விழுக்காடு கூட்டி 120 என்று ஆஃபர் கொடுத்திருந்தது.

சரிபார்ப்பு நிறுவனம் அனுப்பும் இணையப் படிவம் ரெஸ்யூமே போன்றதல்ல. ரெஸ்யூமேயில் மாதமும் ஆண்டும் போதும். படிவம் நாள் கேட்கும். ரெஸ்யூமேயில் எதைச் சொல்வது, எதை விடுவது என்பது எழுதுகிறவரின் விருப்பம். படிவமோ, கடந்த ஏழு ஆண்டுகளில் வேலை பார்த்த எல்லா நிறுவனங்களையும் தரவும் என்று கேட்கும். கடைசிப் பக்கத்தில் ஓர் உறுதிமொழி இருக்கும்: மேலே தந்த விவரங்கள் முழுமையானவை, உண்மையானவை, தவறென்று தெரிந்தால் நியமனம் ரத்தாகலாம். அதற்குக் கீழே மின் கையொப்பம். இந்தக் கோப்பில் முதல் நிறுவனத்தின் கடைசி நாளாக 31 மே 2019 என்றும், இரண்டாம் நிறுவனத்தில் சேர்ந்த நாளாக 3 ஜூன் 2019 என்றும் நிரப்பிக் கையொப்பமிட்டார்.

சரிபார்ப்பவர் எங்கே கேட்கிறார்

சரிபார்ப்பு நிறுவனத்தின் வேலை விண்ணப்பதாரர் நல்லவரா என்று தீர்மானிப்பது அல்ல. அவர் எழுதிய ஒவ்வொரு தகவலையும் அவர் கைபடாத இடத்தில் உள்ள ஒரு பதிவோடு ஒப்பிட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதித் தருவதுதான். அந்தப் பதிவு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் நீங்கிவிடும்.

வேலைத் தேதிகளுக்கு முதல் வழி, பழைய நிறுவனத்தின் எச்ஆர் பிரிவுக்கு மின்னஞ்சல். அந்த முகவரியையும் தொலைபேசி எண்ணையும் சரிபார்ப்பவர் தானாகத் தேடி எடுப்பார். விண்ணப்பதாரர் கொடுத்த எண்ணை மட்டும் நம்புவதில்லை. இரண்டாவது வழி தரவுத்தளம். அமெரிக்காவில் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸ் நடத்தும் ‘தி வொர்க் நம்பர்’ என்ற தொகுப்புக்கு ஏராளமான நிறுவனங்கள் தங்கள் சம்பளப் பட்டியல் விவரங்களை நேரடியாகக் கொடுக்கின்றன. அதில் சேர்ந்த நாள், விலகிய நாள், பதவி, சில சமயம் சம்பளமும் இருக்கும். இந்தியாவில் வருங்கால வைப்பு நிதிக் கணக்கின் யூஏஎன் எண்ணுக்குக் கீழே வைப்பு நிதி செலுத்திய எல்லா நிறுவனங்களின் சேர்ந்த, விலகிய தேதிகளும் பணி வரலாறாக வரிசையில் நிற்கும். பிரிட்டனில் வருமான வரித் துறையான எச்எம்ஆர்சி-யிடம் ஒருவர் தம்முடைய வேலை வரலாற்றைக் கேட்டு வாங்க முடியும். மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு: விண்ணப்பதாரர் சொல்லாமல் விட்ட நிறுவனத்தையும் இவை காட்டும்.

பட்டத்துக்கு, பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவோ பதிவாளர் அலுவலகமோதான் ஆதாரம். அமெரிக்காவில் நேஷனல் ஸ்டூடன்ட் கிளியரிங்ஹவுஸ், பிரிட்டனில் ஹெட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பட்டச் சரிபார்ப்புச் சேவை, இந்தியாவில் நேஷனல் அகாடமிக் டெபாசிட்டரி ஆகியவற்றில் பல கல்வி நிறுவனங்களின் பதிவுகள் கிடைக்கின்றன. பெயர், பிறந்த தேதி, கல்வி நிறுவனம், ஆண்டு ஆகியவற்றை வைத்துத்தான் தேடல் நடக்கும். சான்றிதழில் உள்ள பெயரும் இன்றைய அடையாள அட்டைப் பெயரும் வேறாக இருந்தால், பதிவு இல்லை என்றே பதில் வரும். இனிஷியல் விரிந்திருப்பது, திருமணத்துக்குப் பின் பெயர் மாறியிருப்பது எல்லாம் இதில் அடங்கும். இந்தப் பதில் போலிப் பட்டத்துக்கு வரும் பதிலைப் போலவே இருப்பதால், பழைய பெயரைப் படிவத்திலேயே கொடுத்துவிடுவது அவசியம்.

சம்பளம் மட்டும் வேறு வகை. பல நிறுவனங்களின் எச்ஆர் பிரிவுகள் தேதியையும் பதவியையும் தாண்டி எதையும் வெளியே சொல்வதில்லை. அதனால் சம்பளத்தைப் பெரும்பாலும் விண்ணப்பதாரரிடமே ஆவணமாகக் கேட்கிறார்கள்: கடைசி மூன்று மாதப் பேஸ்லிப், அதே மூன்று மாத வங்கிக் கணக்கு அறிக்கை, ஆண்டு வரிச் சான்று. பேஸ்லிப்பின் நிகரத் தொகையும் வங்கியில் வரவான தொகையும் ஒன்றாக இருக்கிறதா, பேஸ்லிப்பின் ஆண்டுக் கூட்டுத்தொகையும் வரிச் சான்றும் ஒத்துப்போகின்றனவா என்றுதான் பார்ப்பார்கள். சில இடங்களில் பழைய சம்பளத்தைக் கேட்பதே சட்டப்படி கூடாது. கலிஃபோர்னியாவில் 2018 ஜனவரி முதலும், நியூயார்க் மாநிலத்தில் 2020 ஜனவரி முதலும் அப்படி ஒரு தடை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 ஊதிய வெளிப்படைத்தன்மை நெறிமுறையும் இதையே சொல்கிறது. இத்தகைய இடங்களில் எதிர்பார்க்கும் சம்பளத்தைச் சொன்னால் போதும். பழைய எண்ணை வலியப் போய்ச் சொல்லி, பிறகு அதற்கு ஆதாரம் தேடி அலைய வேண்டியதில்லை.

திரும்பி வந்த பதில்கள்

எட்டு நாட்களில் எல்லாப் பதில்களும் வந்து சேர்ந்தன. அறிக்கையின் வரைவில் இருந்தது இவ்வளவுதான்:

| விவரம் | விண்ணப்பதாரர் சொன்னது | பதிவு சொன்னது |
|---|---|---|
| பட்டம் | 2016 | பிப்ரவரி 2017 |
| முதல் நிறுவனம், கடைசி நாள் | 31 மே 2019 | 12 ஏப்ரல் 2019 |
| இரண்டாம் நிறுவனம், சேர்ந்த நாள் | 3 ஜூன் 2019 | 2 செப்டம்பர் 2019 |
| தற்போதைய சம்பளம் | 100 | 94 |

முதல் நிறுவன வேறுபாடு 49 நாள். இரண்டாம் நிறுவன வேறுபாடு 91 நாள். வேலைக்கு எடுக்கும் நிறுவனம் சரிபார்ப்பு நிறுவனத்துக்கு முன்கூட்டியே ஒரு விதிப்பட்டியல் கொடுத்திருந்தது. தேதி 30 நாளுக்குள் வேறுபட்டால் பச்சை. அதைத் தாண்டினால் விளக்கம் கேட்க வேண்டும். விளக்கத்துக்கு ஆவணம் இருந்தால் மஞ்சள், இல்லையென்றால் சிவப்பு. சம்பளத்தில் 5 விழுக்காடு வரை பச்சை. சொல்லப்படாத நிறுவனம் ஒன்று தெரியவந்தால், அங்கே எத்தனை நாள் வேலை பார்த்திருந்தாலும் சிவப்பு. இந்த எல்லைகள் எங்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், விண்ணப்பதாரருக்குச் சொல்லவும் மாட்டார்கள். ஆனால் இந்த வடிவம் பரவலானது. எல்லைகளை முன்பே எழுதி வைப்பதற்குக் காரணம், ஒவ்வொரு கோப்பிலும் தனித்தனியாக இரக்கமோ கோபமோ காட்டாமல் எல்லோருக்கும் ஒரே அளவுகோலை வைப்பது. ஒருவருக்கு விலக்குக் கொடுத்தால், அதே காரணத்துக்காக முன்பு நிராகரிக்கப்பட்டவர் பாகுபாடு என்று கேள்வி எழுப்ப முடியும்.

ஒன்பதாம் நாள் விண்ணப்பதாரருக்கு விளக்கம் கேட்டு மின்னஞ்சல் போகிறது.

தீர்ந்த மூன்று

பட்டத்தில் இருந்த ஒன்பது மாத வேறுபாடு எளிதாகத் தீர்ந்தது. இறுதியாண்டுத் தேர்வை 2016 மே மாதம் எழுதியிருக்கிறார். ஒரு தாளில் தேர்ச்சி பெறாமல் ஆண்டின் இறுதியில் மறுபடி எழுதித் தேறினார். பட்டம் 2017 பிப்ரவரியில் வழங்கப்பட்டது. படிப்பு முடிந்த ஆண்டு, கடைசித் தேர்வு எழுதிய ஆண்டு, பட்டம் வழங்கப்பட்ட நாள் ஆகிய மூன்றும் வேறு. பல்கலைக்கழகப் பதிவில் நிற்பது மூன்றாவதுதான். மதிப்பெண் பட்டியலையும் பட்டச் சான்றிதழையும் அனுப்பினார், மஞ்சள் விழுந்தது. ஆனால் அவர் முதல் வேலையில் சேர்ந்த 2016 ஜூலையில் கையில் பட்டம் இல்லை. அந்த வேலை பட்டதாரிகளுக்கு மட்டுமானதாக இருந்து, அங்கே அவர் இதை மறைத்திருந்தால் கோப்பு வேறு திசையில் போயிருக்கும். நியமனக் கடிதத்தில் ‘தேர்ச்சிக்கு உட்பட்டு’ என்ற வரி இருந்தது அவரைக் காப்பாற்றியது.

பட்ட விஷயத்தில் ஆண்டைவிட அபாயமானது பாடத்தின் பெயர். 2012 ஜனவரியில் யாஹூவின் தலைமைச் செயல் அதிகாரியாக வந்த ஸ்காட் தாம்சனுக்கு ஸ்டோன்ஹில் கல்லூரியின் கணக்கியல் பட்டம் உண்மையாகவே இருந்தது. நிறுவனம் வெளியிட்ட அவரது விவரக் குறிப்பில் அதோடு கணினி அறிவியலும் சேர்ந்திருந்தது. அந்தக் கூடுதல் பாடம் உண்மையல்ல என்று தெரியவந்தபின் அதே ஆண்டு மே மாதம் அவர் பதவியை விட்டுப் போனார். வணிக மேலாண்மைப் பட்டத்தில் சந்தைப்படுத்தலைச் சிறப்புப் பாடமாக எடுத்தவர், ‘சந்தைப்படுத்தலில் பட்டம்’ என்று சுருக்கி எழுதுவதும் இந்த வகைதான். சான்றிதழில் அச்சாகியுள்ள சொற்களை அப்படியே எழுதுவதே பாதுகாப்பு.

சம்பளத்தில் 6 விழுக்காடு வேறுபாடு. மாதச் சம்பளம் 7 அலகு, ஆண்டுக்கு 84. ஒப்பந்தப்படி இலக்கை முழுதாக எட்டினால் கிடைக்கும் ஊக்கத்தொகை 16. ஆக மொத்தம் 100. ஆனால் போன ஆண்டு உண்மையில் கிடைத்த ஊக்கத்தொகை 10தான். எனவே வரிச் சான்று 94 என்கிறது. விண்ணப்பதாரர் பொய் சொல்லவில்லை. ஒப்பந்த எண்ணைச் சொன்னார், பதிவோ கையில் வந்த எண்ணைச் சொன்னது. சம்பள அமைப்புக் கடிதத்தை அனுப்பியதும் இதுவும் மஞ்சளானது. இந்த 6 அலகை நிறுவனம் ஏன் பொருட்படுத்துகிறது என்றால், ஆஃபர் தொகையே அதிலிருந்துதான் கணக்கிடப்பட்டது. 100-இலிருந்து 120 என்பது 20 விழுக்காடு உயர்வு. 94-இலிருந்து 120 என்பது ஏறக்குறைய 28 விழுக்காடு. சம்பளத்தில் வேறுபாடு வந்தால் சில நிறுவனங்கள் ஆஃபரை ரத்து செய்யாமல் தொகையைக் குறைத்து மறுபடி அனுப்புவதும் இதனால்தான். படிவத்தில் ஒற்றை எண்ணாகக் கொடுக்காமல், நிலையான தொகை 84, ஊக்கத்தொகை இலக்கு 16, கடந்த ஆண்டு பெற்றது 10 என்று பிரித்து எழுதியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. கட்டத்தில் ஒரு எண்ணுக்குத்தான் இடம் என்றால், கருத்து எழுதும் பெட்டியில் இதைச் சேர்க்கலாம்.

மூன்றாவது, 91 நாள். இதுதான் கோப்பில் மிகப் பெரிய தேதி வேறுபாடு. ஆனால் இதற்கு நல்ல காரணம் இருந்தது. இரண்டாம் நிறுவனத்தின் அலுவலகத்தில் அவர் வேலையைத் தொடங்கியது 3 ஜூன் 2019 அன்றுதான். முதல் மூன்று மாதம் ஓர் ஆள்வழங்கும் ஏஜென்சியின் சம்பளப் பட்டியலில் இருந்தார். செப்டம்பர் 2 அன்றுதான் நிறுவனம் அவரை நேரடியாக எடுத்துக்கொண்டது. நிறுவனத்தின் எச்ஆர் மென்பொருளுக்கு அதற்கு முந்தைய நாட்கள் தெரியாது. ஒப்பந்தப் பணியாளர்களிடையே இது மிகச் சாதாரணம். நிறுவனங்கள் இணைந்து பெயர் மாறிய இடங்களிலும், விலகி மறுபடி அதே நிறுவனத்தில் சேர்ந்தவர்களிடமும் இதே கோளாறு வரும். மென்பொருள் கடைசியாகச் சேர்ந்த தேதியை மட்டும் சொல்லும். ஏஜென்சியின் நியமனக் கடிதத்தையும், சட்டப்படியான பணி வரலாற்றுப் பதிவிலிருந்து இறக்கிய அறிக்கையையும் அவர் அனுப்பினார். ஏஜென்சி 3 ஜூன் முதல் 30 ஆகஸ்ட் வரை. நிறுவனம் 2 செப்டம்பர் முதல். பணியிடத்தை அவர் மறைக்கவில்லை என்பதால் ஏஜென்சி சொல்லப்படாத நிறுவனமாக எண்ணப்படவில்லை. சந்தேகத்துக்கு இடமில்லை. மஞ்சள்.

தீராத ஒன்று

முதல் நிறுவனத்தின் 49 நாளுக்கு அவர் தந்த விளக்கம் இரண்டே வரி: நான் மே இறுதிவரை அங்கேதான் வேலை பார்த்தேன், எச்ஆர் பதிவில் தவறு இருக்கலாம். ஆவணம் எதுவும் இணைக்கவில்லை.

இத்தகைய தவறுகள் பதிவுகளில் நடக்கின்றன என்பது உண்மைதான். விடுப்பு நாட்களைக் கழித்துக் கடைசி நாளைக் கணக்கிடுவதும், நோட்டீஸ் பீரியடுக்குப் பதில் பணம் கொடுத்து முன்பே விடுவிப்பதும் உண்டு. அலுவலகத்துக்கு வந்த கடைசி நாள் ஒன்று, சம்பளக் கணக்கு முடிந்த நாள் இன்னொன்று என்பது எங்கும் பார்க்கக்கூடியது. அதனால் சரிபார்ப்பவர் இந்தப் பதிலை உடனே தள்ளிவிடுவதில்லை; வேறு பதிவு ஏதாவது துணைக்கு வருகிறதா என்று தேடுவார். இங்கே தேட வேண்டியிருக்கவில்லை. ஏஜென்சிக் காலத்தை நிரூபிக்க விண்ணப்பதாரரே அனுப்பிய பணி வரலாற்று அறிக்கையில், ஏஜென்சிக்கு மேலே இன்னொரு வரி இருந்தது: வேறொரு நிறுவனம், 15 ஏப்ரல் 2019 முதல் 17 மே 2019 வரை.

நடந்தது இதுதான். முதல் நிறுவனத்திலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை விலகி, அடுத்த திங்கட்கிழமை புதிய இடத்தில் சேர்ந்தார். சொன்ன வேலை ஒன்று, கொடுத்த வேலை வேறு. ஐந்து வாரத்தில் விலகிவிட்டார். அங்கே ஒழுங்கு நடவடிக்கை இல்லை, சண்டையும் இல்லை. ஐந்து வார வேலையை எழுதினால் நிலையில்லாதவர் என்று நினைப்பார்களோ என்ற அச்சத்தில் ரெஸ்யூமேயில் அதை விட்டார். விட்ட இடம் காலியாகத் தெரியாதிருக்க முதல் நிறுவனத்தை மே வரை நீட்டினார். ஆறு ஆண்டுகளாக ஒவ்வொரு ரெஸ்யூமேயிலும் அதே வரி நகலாகி வந்திருக்கிறது.

இதில் மூன்று செயல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்ப்பது முக்கியம். குறுகிய வேலையை ரெஸ்யூமேயில் விடுவது தவறல்ல. ரெஸ்யூமே முழு வரலாறு என்று யாரும் உறுதி தரவில்லை. ஏப்ரலில் முடிந்ததை மே என்று எழுதியது அப்படியல்ல. அது நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்வது; முதல் படி அதுதான். அதே தேதியை, எல்லா நிறுவனங்களையும் தருக என்று கேட்ட படிவத்தில் எழுதிக் கையொப்பமிட்டது இரண்டாவது படி. சரிபார்ப்பவர் கேட்டபோதும் எச்ஆர் பதிவுதான் தவறு என்றது மூன்றாவது. முதல் இரண்டோடு நின்றிருந்தால் பழைய ரெஸ்யூமேயிலிருந்து கவனிக்காமல் வந்துவிட்டது என்று சொல்லும் வாய்ப்பு இருந்தது. மூன்றாவது, அவருக்கு உண்மை தெரிந்தும் வேறு சொன்னார் என்று எழுத்தில் பதிவாகிவிட்டது. இந்தக் கோப்பில் திருத்த முடியாத இடம் அந்த இரண்டு வரி மின்னஞ்சல்தான்.

பதினான்காம் நாள் அறிக்கை சிவப்பில் போனது. நேர்காணல் செய்த மேலாளருக்கு இவர் வேண்டும். ஐந்து வாரம்தானே, அதனால் வேலைக்கு என்ன கெடுதல் என்று அவர் கேட்டது நியாயம். ஆனால் முடிவு அவர் கையில் இல்லை. அறிக்கையைப் படித்துத் தீர்ப்பது எச்ஆரில் இருக்கும் வேறொருவர். அவர் விண்ணப்பதாரரைப் பார்த்ததில்லை. முன்னால் இருப்பது இரண்டு கட்டங்களும் ஓர் உறுதிமொழியும்தான். ஐந்து வாரத்தின் காரணம் அந்தக் கட்டத்தில் இல்லை. சொல்லாமல் விட்ட நிறுவனத்தில் என்ன நடந்திருக்கும் என்று தெரியாதபோது, அவர் மோசமானதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது: திருட்டு, தரவுக் கசிவு, பணிநீக்கம். உண்மைக் காரணம் இவற்றையெல்லாம்விட மிகச் சாதாரணமானது என்பதுதான் இதில் வருத்தம். வங்கி போன்ற வாடிக்கையாளர்களுக்குப் பணியாளர்களை அனுப்பும் நிறுவனமாக இருந்தால், சரிபார்ப்பில் தேறியவர்களை மட்டுமே அனுப்புவோம் என்று ஒப்பந்தத்திலும் எழுதிக் கொடுத்திருக்கும். பதினாறாம் நாள் ஆஃபர் திரும்பப் பெறப்பட்டது. தற்போதைய நிறுவனத்தில் அவருடைய நோட்டீஸ் பீரியடில் பாதி ஓடியிருந்தது.

எந்த இடத்தில் மாற்றியிருக்கலாம்

படிவத்தைத் திறப்பதற்கு முன் தன்னுடைய பதிவைத் தானே பார்ப்பதுதான் முதல் வேலை. அமெரிக்காவில் ‘தி வொர்க் நம்பர்’ தொகுப்பில் தம்மைப் பற்றி உள்ள அறிக்கையை எவரும் கட்டணமின்றிப் பெறலாம், தவறு இருந்தால் ஆட்சேபிக்கலாம். இந்தியாவில் யூஏஎன் கணக்கில் நுழைந்து பணி வரலாற்றைப் பார்க்கலாம். பழைய நிறுவனம் விலகிய தேதியைப் பதியாமல் விட்டிருந்தால் இரண்டு வேலைகள் ஒரே காலத்தில் நடந்ததுபோலத் தெரியும். அதைச் சரிபார்ப்புக்கு முன்பே சரிசெய்துவிட வேண்டும். இந்த விண்ணப்பதாரர் அந்த அறிக்கையை இறக்கியது பத்தாம் நாள். அதை முதல் நாளே பார்த்திருந்தால், தான் மறந்துவிட நினைத்த ஐந்து வாரம் அங்கே இருப்பது தெரிந்திருக்கும்.

ஒவ்வொரு வேலைக்கும் நியமனக் கடிதம், ரிலீவிங் லெட்டர், கடைசிப் பேஸ்லிப், அந்த ஆண்டின் வரிச் சான்று ஆகிய நான்கையும் ஒரே கோப்புறையில் வைத்து, அவற்றில் உள்ள நாளைப் பார்த்தே படிவத்தை நிரப்ப வேண்டும். நினைவிலிருந்து எழுதக் கூடாது. ரிலீவிங் லெட்டரில் உள்ள நாளும் தரவுத்தள நாளும் வேறுபட்டால் கடிதத்தில் உள்ளதை எழுதி, வேறுபாட்டைக் கருத்துப் பெட்டியில் சொல்லலாம். ஏஜென்சி வழி வேலையை ஏஜென்சியின் பெயரில் எழுதி, பணியிடம் இன்ன நிறுவனம் என்று அடுத்த வரியில் சேர்க்க வேண்டும். இப்படி எழுதியிருந்தால் அந்த 91 நாள் கேள்வி எழுந்திருக்காது. எழாமலிருந்தால் பணி வரலாற்று அறிக்கையை அனுப்ப வேண்டிய தேவையும் வந்திருக்காது என்று ஒருவர் நினைக்கலாம். அந்தக் கணக்கை நம்ப வேண்டாம். பல நிறுவனங்கள் இந்த அறிக்கையை எல்லோரிடமும் கேட்கின்றன, சில தரவுத்தளத்தில் நேரடியாகவே பார்க்கின்றன.

ஐந்து வார வேலையைப் படிவத்தில் எழுத ஒரு வரி போதும்: 15 ஏப்ரல் 2019 முதல் 17 மே 2019 வரை, பணியின் தன்மை பேசியதிலிருந்து மாறியதால் தாமாக விலகியது. ரெஸ்யூமேயில் இது இல்லாமல் படிவத்தில் மட்டும் இருப்பது வேறுபாடு ஆகாதா என்று பலர் கேட்பார்கள். ஆகும், ஆனால் விண்ணப்பதாரரே முன்வந்து சொன்ன வேறுபாடு அது. படிவத்தை அனுப்பும் நாளிலேயே எச்ஆருக்கு இப்படி ஒரு மின்னஞ்சல் போட்டால் போதும்: “என் ரெஸ்யூமேயில் முதல் நிறுவனத்தின் கடைசி மாதம் மே 2019 என்று உள்ளது, அது தவறு. சரியான நாள் 12 ஏப்ரல் 2019. அதன்பின் ஐந்து வாரம் வேறு நிறுவனத்தில் இருந்தேன்; ரெஸ்யூமேயில் அதைக் குறிப்பிடவில்லை. இரண்டையும் படிவத்தில் முழுமையாகத் தந்திருக்கிறேன்.” இதைப் படித்தபின்னும் சில நிறுவனங்கள் ஆஃபரை மறுக்கலாம். ஆனால் சொல்லப்படாத நிறுவனம் என்ற சிவப்பு விதி இங்கே பொருந்தாது. மேலாளர் அவருக்காகப் பேசவும் இடம் கிடைக்கும்.

ஒன்பதாம் நாள் விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வந்தபோதும் இதைச் சொல்லியிருக்கலாம். அன்று அவருக்கு முன்னால் இருந்தது இன்னும் மஞ்சள்கூட விழாத ஒரு கேள்விதான். தாமதமான திருத்தம் முன்கூட்டிய திருத்தம் அளவுக்கு வலுவாக இருக்காது. ஆயினும் பதிவைக் குறைசொல்லும் பதிலைவிட எவ்வளவோ மேல்.

ராஜினாமாவைப் பொறுத்தவரை, சரிபார்ப்பு முடிந்ததற்கான எழுத்துப்பூர்வ உறுதி வரும்வரை காத்திருக்க அவகாசம் கேட்கலாம். நோட்டீஸ் பீரியட் நீளமாக உள்ள இடங்களில் நிறுவனங்கள் அவசரப்படுத்தும். அப்போதும், தற்போதைய நிறுவனத்தைத் தவிர மற்றவற்றைச் சரிபார்த்து முடித்தபின் ராஜினாமா செய்கிறேன் என்று சொல்வது வழக்கத்தில் உள்ள, நியாயமான கோரிக்கைதான். தற்போதைய நிறுவனத்தை உடனே தொடர்புகொள்ள வேண்டாம் என்று படிவத்திலேயே குறிக்கும் வசதி பெரும்பாலும் இருக்கும். அந்தச் சரிபார்ப்பை ராஜினாமாவுக்குப் பின்னரோ சேர்ந்த பின்னரோ செய்வார்கள்.

சிவப்பு விழுந்த பிறகு

அறிக்கையில் உள்ளதே தவறு என்றால் வழி உண்டு. அமெரிக்காவில் 1970-ஆம் ஆண்டின் நியாயக் கடன் அறிக்கைச் சட்டப்படி, வெளி நிறுவனம் தந்த அறிக்கையை வைத்து ஆஃபரை மறுப்பதற்கு முன், அந்த அறிக்கையின் நகலையும் உரிமைகளின் சுருக்கத்தையும் விண்ணப்பதாரருக்குக் கொடுக்க வேண்டும். அவர் ஆட்சேபித்தால் சரிபார்ப்பு நிறுவனம் பொதுவாக 30 நாளுக்குள் மறுவிசாரணை செய்ய வேண்டும். பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் தம்மைப் பற்றிய தரவின் நகலைக் கேட்கலாம். பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். வேறு இடங்களிலும் நகல் கேட்டு எச்ஆருக்கு எழுதுவதில் தடையில்லை. வேறொருவரின் பதிவு பெயர் ஒற்றுமையால் கலந்துவிட்ட கோப்புகளும், மூடிப்போன நிறுவனத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்ற குறிப்பை எதிர்மறையாக எடுத்துக்கொண்ட கோப்புகளும் இப்படித்தான் திருந்துகின்றன. மூடிய நிறுவனத்துக்கு வரிச் சான்றும் அந்தக் கால வங்கி வரவுகளும் போதுமான மாற்று ஆவணங்கள்.

இந்தக் கோப்பில் அறிக்கை சரியாக இருந்ததால் ஆட்சேபணைக்கு இடமில்லை. விண்ணப்பதாரருக்கு மீதியிருந்த வேலைகள் இரண்டு. ஒன்று, தற்போதைய நிறுவனத்தில் ராஜினாமாவைத் திரும்பப் பெற அன்றே எழுத்தில் கேட்பது. மாற்று ஆள் எடுக்கப்படுவதற்கு முன் கேட்டால் ஒப்புக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். இரண்டு, ரெஸ்யூமேயில் முதல் நிறுவனத்தின் கடைசி மாதத்தை ஏப்ரல் 2019 என்று மாற்றி, இணையத்தில் உள்ள தொழில்முறைச் சுயவிவரத்திலும் அதே நாளில் அதே மாற்றத்தைச் செய்வது. ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் நடுவே தெரியும் ஏழு வாரத்தை நேர்காணலில் யாராவது கேட்டால், ஐந்து வார வேலையையும் அதை விட்ட காரணத்தையும் அங்கேயே சொல்லிவிடலாம்.